வினிகர் முட்டை: ஜாடியில் புளிப்பு இருந்தால் போதாது, மஞ்சள் கருவுக்குள் இருக்க வேண்டும்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் போட்டோ அனுப்பியிருந்தான். கண்ணாடி ஜாடியில் வினிகரில் ஊறப்போட்ட பன்னிரண்டு அவித்த முட்டை, பீட்ரூட் துண்டுகளோடு இளஞ்சிவப்பாக மிதக்கின்றன. ஜாடி இருப்பது ஜன்னல் திட்டில், நல்ல வெயிலில். கீழே ஒரு வரி: "பல்குச்சியால எல்லா முட்டையையும் குத்திட்டேன் அண்ணே, சீக்கிரம் ஊறிடும்ல?"

உடனே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். அவனுக்குக் கோபம். எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் முதல் முறை போட்டபோது நானும் இதையேதான் செய்தேன். முட்டையை அதிகம் வேகவிடுவது, ஓட்டோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இரண்டாவது ஜாடியில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குத்துவது, பிறகு வெளியே வைப்பது

இரண்டும் ஒரே தவறின் இரண்டு பாதிகள். யோசனை என்னவோ நியாயமாகத்தான் தெரிகிறது: ஓட்டை போட்டால் வினிகர் உள்ளே போகும், ஊற வெதுவெதுப்பு உதவும். நடப்பது வேறு.

நன்றாக வெந்த முட்டையின் மஞ்சள் கரு கிட்டத்தட்ட சுத்தமானது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். மஞ்சள் கருவின் பிஎச் சுமார் 6.8, அதாவது புளிப்பே இல்லை என்று சொல்லலாம். கொழுப்பும் புரதமும் அடர்ந்து கிடப்பதால் காற்றும் அதிகம் இல்லை. பொட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா விரும்பும் இடம் இதுதான்: காற்றில்லாமல், புளிப்பில்லாமல், ஈரமாக. அதன் வித்துகள் மண்ணில் சாதாரணமாக இருப்பவை. பீட்ரூட், மிளகாய் போன்றவற்றோடு ஜாடிக்குள் வந்துவிடும், சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் சாகாது. வினிகருக்குள் கிடக்கும்வரை அவற்றால் முளைக்க முடியாது. நாம் பல்குச்சியால் குத்தும்போது, அவற்றை வினிகரிலிருந்து எடுத்து மஞ்சள் கருவின் நடுவில் கொண்டுபோய் வைக்கிறோம். குத்திய துளை வெள்ளைக் கருவின் மீள்தன்மையால் மூடிக்கொள்ளும். வித்து உள்ளே, வினிகர் வெளியே.

இது கற்பனைப் பயம் இல்லை. 1997-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 68 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் செய்த வினிகர் முட்டையைச் சாப்பிட்டார். பீட்ரூட், கார மிளகாய், வினிகர், பல்குச்சியால் குத்திய முட்டைகள். ஒரு வாரம் அறை வெப்பத்தில், அவ்வப்போது வெயில் படும்படி இருந்த ஜாடி. தம்பியின் போட்டோவேதான். அந்த மனிதருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தது, பேச்சு குழறியது, மூச்சு விட முடியாமல் கருவியின் துணை தேவைப்பட்டது. பிறகு ஜாடியைச் சோதித்தார்கள். திரவத்தின் பிஎச் 3.5. இந்தப் பாக்டீரியாவைத் தடுக்கும் எல்லை 4.6 என்பதால், திரவத்தை மட்டும் பார்த்தால் முழுப் பாதுகாப்பு! ஆனால் மஞ்சள் கருவில் நச்சு மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்த இடம்தான். சோதனைத் தாளை வினிகரில் முக்கி, "3.5 வந்துவிட்டது, கவலையில்லை" என்பார்கள். வினிகர் புளிப்பாக இருப்பதைக் கண்டுபிடிக்கத் தாள் எதற்கு? பார்க்க வேண்டியது மஞ்சள் கருவை. நான் ஒரு முறை ஊறப்போட்ட மறுநாள் முட்டையை வெட்டி, மஞ்சள் கருவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் குழைத்துத் தாளை வைத்தேன். ஆறை ஒட்டித்தான் காட்டியது. ஜாடித் திரவமோ நாலுக்குக் கீழ். அந்த இடைவெளி மூட நாட்கள் ஆகும். பீட்ரூட் நிறம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்பதும் கணக்கில்லை. நிறமும் அமிலமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

எனவே முட்டை முழுசாக இருக்க வேண்டும், ஊறும் நாட்கள் உட்பட எப்போதும் ஃப்ரிட்ஜில், 4 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர் அந்தப் பாக்டீரியாவை மந்தமாக்கும். அதற்குள் அமிலம் மெதுவாக நடுப்பகுதியை எட்டிவிடும். பரிமாற எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம்.

இன்னொன்று: இந்த நச்சு இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முட்டை நன்றாகவே மணக்கும்.

கடையில் வெளியேதானே வைத்திருக்கிறார்கள்?

ஆலையில் முட்டையின் உட்பகுதி எந்த பிஎச்சில் நிலைக்கிறது என்று அளந்து செய்கிறார்கள். உங்கள் அடுப்படியில் அந்த அளவீடு கிடையாது.

வினிகரைத் தண்ணீர் ஊற்றி இளைக்க வைப்பது

புளிப்பு அதிகம் என்று பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சதவீத வினிகர் 600 மில்லி என்றால் அதில் ஏறக்குறைய 30 கிராம் அசிட்டிக் அமிலம். பன்னிரண்டு முட்டை உரித்த பின் சுமார் 600 கிராம். அதில் முக்கால் பங்கு, அதாவது 450 கிராம், தண்ணீர்தான். அமிலம் கடைசியில் இரண்டிலும் பரவ வேண்டும். 30 கிராம் 1,050 மில்லிக்குள் பரவினால் சுமார் 2.9 சதவீதம். வினிகரைப் பாதியாக்கினால் 1.4 தான். போதாததற்கு வெந்த வெள்ளைக் கரு காரத்தன்மை கொண்டது, அமிலத்தின் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

லேபிளில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும் வினிகரை வாங்குங்கள். சோதித்துப் பார்த்த செய்முறை எவ்வளவு தண்ணீர் சொல்கிறதோ அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். புளிப்பு உறுத்தினால் சர்க்கரை சேருங்கள். அது அமிலத்தைக் குறைக்காது, நாக்கை மட்டும் சமாதானப்படுத்தும்.

ஜாடியை அடைப்பது

ஒரு லிட்டர் ஜாடிக்குப் பன்னிரண்டு முட்டை. ஒவ்வொன்றும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும்.

ஜாடியை வேகவைத்து சீல் செய்து அலமாரியில் வைப்பது

வீட்டில் செய்ய அப்படியொரு பாதுகாப்பான முறை கிடையாது.

எவ்வளவு நாள் என்பதில் குழப்பம்

இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள்: எப்போது சாப்பிடலாம், எதுவரை வைக்கலாம். சின்ன முட்டைகளில் சுவை ஏற ஒன்று முதல் இரண்டு வாரம், நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இரண்டு முதல் நான்கு வாரம் விடுங்கள். மூன்றாம் நாளே எடுத்தால் வெள்ளைக் கரு மட்டும் புளிக்கும், நடுவில் வெறும் அவித்த முட்டைதான்.

ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மாதம் வரை தரம் நன்றாக இருக்கும். அதன் பிறகு வெள்ளைக் கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். நான் ஜாடி மூடியில் போட்ட தேதியையும் எடுக்கத் தொடங்கும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுவேன். பாதி காலியான ஜாடியில் புது முட்டையைப் போடுவதில்லை. பழைய திரவத்தின் அமிலம் ஏற்கெனவே முதல் முட்டைகளுக்குப் போய்விட்டது, அப்புறம் எந்த முட்டைக்கு எந்தத் தேதி என்பதும் மறந்துபோகும்.

உரிக்கும்போது மஞ்சள் கரு தெரியக் கிழிந்த முட்டை

ஜாடிக்கு வேண்டாம். உப்பு, மிளகுத் தூள் தூவி அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.