தாய்லாந்து தேதியில் 543-ஐக் கழித்தால் போதுமா? புத்த ஆண்டை கி.பி.க்கு மாற்றும் முறை

எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவருடைய அப்பா பாங்காக்கில் பிறந்தவர். அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, "தம்பி, இதில் இருக்கும் வருஷத்தைக் கொஞ்சம் இங்கிலீஷ் வருஷமாக மாற்றிக் கொடு" என்று கேட்டார். தாளில் பிப்ரவரி 14, 2481 என்று இருந்தது. புத்த ஆண்டிலிருந்து 543-ஐக் கழித்தால் கி.பி. வரும் என்பது எனக்குத் தெரியும். கழித்தேன், 1938 வந்தது, எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் 1939 என்று இருக்கிறதாம். பாஸ்போர்ட் சரி, நான்தான் தப்பு. ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. உங்களுக்கு அது போகக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

படி 1: இலக்கங்களைப் படிப்பது

தாய்லாந்து ஆவணங்களில் வருஷம் சில சமயம் நமக்குப் பழகிய எண்களில் இருக்கும், சில சமயம் தாய் இலக்கங்களில் இருக்கும். வருஷத்துக்கு முன்னால் கீழே உள்ள முதல் குறி இருந்தால் புத்த ஆண்டு, இரண்டாவது இருந்தால் கி.பி.

```
พ.ศ. = புத்த ஆண்டு
ค.ศ. = கி.பி.

๐ ๑ ๒ ๓ ๔ ๕ ๖ ๗ ๘ ๙
0 1 2 3 4 5 6 7 8 9
```

நாலும் ஐந்தும்தான் வம்பு. ஐந்துக்கு மேலே கூடுதலாக ஒரு சின்ன நெளிவு இருக்கும், மங்கிய நகலில் அது தெரியாது. நான் முதலில் 2481-ஐ 2581 என்று படித்தேன். 2581 என்றால் 2038, இன்னும் வராத வருஷம். அதனால் உடனே பிடிபட்டது. கடைசி இரண்டு இலக்கங்களில் இந்தக் குழப்பம் வந்திருந்தால் பிடிபட்டிருக்காது. நகலை நம்பாமல் அசல் தாளைப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 2: மாதத்தைப் படிப்பது

இது தமிழருக்கு எளிது. தாய்லாந்து மாதப் பெயர்கள் எல்லாம் நம் ராசிகள்தான். ஜனவரிக்கு மகரம், பிப்ரவரிக்கு கும்பம், மார்ச்சுக்கு மீனம், ஏப்ரலுக்கு மேஷம் என்று டிசம்பருக்கு தனுசு வரை வரிசை மாறாது. "மகராகொம்", "மீனாகொம்" என்று யாராவது வாசித்துக் காட்டினால் உங்களுக்கே புரிந்துவிடும். "கொம்" என்று முடிந்தால் 31 நாள், "யொன்" என்று முடிந்தால் 30 நாள், பிப்ரவரிக்கு மட்டும் தனி முடிவு. நம் தை மாதமும் மகர ராசி என்பதால் அதை நினைத்துக் குழம்ப வேண்டாம். அங்கே மகரம் என்றால் ஜனவரி 1 முதல் 31 வரை, அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு தனிப் படி எதற்கு, வருஷம்தானே வேண்டும் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கேதான் சறுக்கினேன்.

படி 3: கழிப்பது

தேதி 1941 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு என்றால், அதாவது புத்த ஆண்டு 2484 அல்லது அதற்கு மேல் என்றால், 543-ஐக் கழியுங்கள். 2567 என்றால் 2024. 2500 என்றால் 1957. இதில் ஒரு சிக்கலும் கிடையாது. அடுத்த படிக்கு நேராகப் போகலாம்.

2484-க்கு முந்தியது என்றால் மாதத்தைப் பார்க்க வேண்டும். காரணம் இதுதான். 1889 முதல் தாய்லாந்தில் அரசு ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அப்போது பாங்காக் நகரம் உருவானதிலிருந்து எண்ணும் வேறொரு ஆண்டுமுறை நடப்பில் இருந்தது. 1913 ஏப்ரல் 1 முதல் ஆறாம் ராமா மன்னர் புத்த ஆண்டை அதிகாரபூர்வமாக்கினார். எண் மாறியதே தவிர, தொடங்கும் நாள் ஏப்ரல் 1 ஆகவே இருந்தது. ஜனவரி 1 அங்கே புத்தாண்டு ஆனது 1941-இல்தான்.

இப்போது 2481-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 1938 ஏப்ரல் 1 அன்று தொடங்கி 1939 மார்ச் 31 அன்று முடிந்தது. அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 543-ஐக் கழித்தால் சரியாக வரும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள், அவை 1939-இல் விழுகின்றன. அதற்கு 542-ஐத்தான் கழிக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கு ஆட்களுக்கு இது புதிதல்ல. 2023-24 நிதியாண்டின் பிப்ரவரி எந்த வருஷம் என்று கேட்டால் யோசிக்காமல் 2024 என்பார்கள். அதே கதைதான்.

எனக்கு இது உறைத்தது ஏழாம் ராமா மன்னர் முடிதுறந்த தேதியைப் பார்த்தபோது. தாய் மொழியில் அதை 2477 மார்ச் 2 என்று எழுதுகிறார்கள். 543-ஐக் கழித்தால் 1934. ஆனால் அவர் முடிதுறந்தது 1935 என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். அப்போதுதான் அண்ணனுடைய அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

இதற்குள்ளேயே இன்னொரு வேடிக்கை உண்டு. புத்தாண்டை ஜனவரிக்கு மாற்றியதால் 2483-க்கு ஒன்பதே மாதம், 1940 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. 2483 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதங்களே கிடையாது. உங்கள் தாளில் அப்படி ஒரு தேதி தெரிந்தால் ஏதோ ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படிக்கிறீர்கள், அல்லது பின்னால் யாரோ கி.பி.யிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவுதான்:

```
function kipi(be, month) {
  if (be === 2483 && month <= 3) throw "இல்லாத தேதி";
  return be < 2484 && month <= 3 ? be - 542 : be - 543;
}
```

ஜாவாவில் இருக்கும் `ThaiBuddhistDate` போன்ற ஆயத்தக் கருவிகள் கண்ணை மூடிக்கொண்டு 543-ஐத்தான் கழிக்கின்றன. இன்றைய தேதிகளுக்கு அவை போதும். தாத்தா காலத்து ஆவணத்துக்கு நான் அவற்றைத் தொட மாட்டேன்.

படி 4: கிழமையை வைத்துச் சரிபார்ப்பது

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். முதல் தடவை நான் இதைச் செய்திருந்தால் விண்ணப்பமே திரும்பி வந்திருக்காது. ஒரே தேதி அடுத்த வருஷத்தில் ஒரு கிழமையாவது தள்ளித்தான் விழும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். ஆகவே தாளில் கிழமை எழுதியிருந்தால் 542-ஆ 543-ஆ என்பதற்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

அண்ணன் கொண்டுவந்த தாளில் கிழமை இருந்தது. "அங்கான்" என்று வாசிக்க வேண்டுமாம். அதை எழுத்துக்கூட்டினால் அங்காரகன், அதாவது செவ்வாய். தாய்லாந்தின் கிழமைகளும் நம் நவக்கிரகங்கள்தான்: ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன், பிருகஸ்பதி, சுக்கிரன், சனி. விரிதாளில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=TEXT(DATE(1938,2,14),"dddd")
=TEXT(DATE(1939,2,14),"dddd")
```

முதலாவது திங்கள், இரண்டாவது செவ்வாய். முடிந்தது வழக்கு. 1939 என்று எழுதி, கூடவே ஏப்ரல் ஆண்டு பற்றி நாலு வரி விளக்கமும் வைத்து அனுப்பினோம், இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

விரிதாளில் ஒரு பட்டியலே இருந்தால்

தாய்லாந்திலிருந்து வரும் பட்டியலில் தேதிகள் 15/06/2567 என்று இருக்கும். எக்ஸெல் அதை கி.பி. 2567 என்று நினைத்து மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பலர் அப்படியே விட்டுவிட்டு `YEAR(A2)-543` என்று கழிக்கிறார்கள். முக்கால்வாசி நேரம் தப்பித்துவிடுவார்கள். ஆனால் 29/02/2567 வரும்போது மாட்டிக்கொள்வார்கள். 2024 லீப் வருஷம், அந்த நாள் உண்மையிலேயே இருந்தது. எக்ஸெல் பார்வையில் 2567 நாலால் வகுபடாது, அதனால் பிப்ரவரி 29 கிடையாது. அந்த ஒரு கட்டம் மட்டும் தேதியாகாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், கழித்தால் பிழை காட்டும்.

ஆகவே தேதிப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவில் உள்ளே கொண்டுவந்துவிட்டு, பிறகு பிரித்துச் சேர்ப்பதுதான் என் பழக்கம்:

```
=DATE(RIGHT(A2,4)-543, MID(A2,4,2), LEFT(A2,2))
```

நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். 5/6/2567 என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1: பாங்காக்கிலிருந்து வந்த நூடுல்ஸ் பாக்கெட்டில் "EXP 20/11/68" என்று இருக்கிறது, இன்னும் நாற்பது வருஷம் தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாங்காது. அது 2568-இன் கடைசி இரண்டு இலக்கம். அதிலிருந்து 43-ஐக் கழியுங்கள், 25 வரும், அதாவது 2025. சில பாக்கெட்டுகளில் கி.பி.யையே 25 என்று போட்டிருப்பார்கள், அதில் கழிக்காதீர்கள். இப்போதைக்கு அறுபது, எழுபதுகளில் இருந்தால் புத்த ஆண்டு, இருபது, முப்பதுகளில் இருந்தால் கி.பி.

பிற்சேர்க்கை 2: கண்டியிலிருந்து ஒரு வாசகர், "எங்கள் ஊரில் 2024 வெசாக் 2568 ஆயிற்றே, உங்கள் கணக்கில் 2567 வருகிறதே" என்று எழுதினார். அவர் சொல்வது சரி. இலங்கையில் புத்த ஆண்டு ஜனவரியில் மாறுவதில்லை, வெசாக் பௌர்ணமியில் மாறுகிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததிலிருந்து தொடங்கும் ஆண்டையே அங்கே ஒன்று என்று எண்ணுகிறார்கள். தாய்லாந்தில் ஓராண்டு நிறைந்த பிறகுதான் ஒன்று. அதனால்தான் 2500-ஆம் ஆண்டு புத்த ஜயந்தியை இலங்கை 1956-இலும் தாய்லாந்து 1957-இலும் கொண்டாடின. இலங்கைத் தேதி என்றால் வெசாக்கிலிருந்து டிசம்பர் கடைசி வரை 544-ஐயும், ஜனவரியிலிருந்து வெசாக்குக்கு முந்திய நாள் வரை 543-ஐயும் கழியுங்கள். வெசாக் அந்த வருஷம் எந்தத் தேதியில் வந்தது என்பதை மட்டும் பழைய நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சூத்திரம் என்னிடம் கேட்காதீர்கள்.