இரும்புக் குதிரையில் வந்தவனைக் கொன்றது ஏன்? ஒரு நாவலை வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும் முறை

காலனி ஆட்சியையோ போரையோ களமாகக் கொண்ட நாவலை எடுத்தால் பாதியில் ஓர் இடத்தில் இடறும். இந்த ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று புரியாது, எழுத்தாளர் சரியாக விளக்கவில்லையோ என்றுகூடத் தோன்றும். பெரும்பாலும் கதை நடக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் காரணம். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதை ஒரே நாவலை வைத்துப் பார்ப்போம். நைஜீரியாவின் சினுவா ஆச்சிபி 1958-இல் வெளியிட்ட நாவல், தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது. இக்போ மக்களின் உமுவோபியா என்ற ஊர், அங்கே ஒக்கொங்வோ என்ற மனிதன், பிறகு வந்து சேரும் வெள்ளைக்காரர்கள், இதுதான் கதை.

படி 1: முதல் பாகத்தை எதையும் தேடாமல் படியுங்கள்

நாவலில் மூன்று பாகங்கள், 25 அத்தியாயங்கள். முதல் பாகத்தின் 13 அத்தியாயங்களில் வெள்ளைக்காரர் யாரும் கதைக்குள் வருவதில்லை. வள்ளிக்கிழங்கு விதைப்பு, மல்யுத்தம், பெண் கேட்கும் பேச்சு, பஞ்சாயத்து என்று ஊர் தன் போக்கில் போகிறது. இங்கேயே காலனி வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டால் எல்லாப் பக்கத்திலும் அழிவின் நிழலைத்தான் பார்ப்பீர்கள், ஊரைப் பார்க்க மாட்டீர்கள். இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடும் வழக்கத்தையும், ஒக்கொங்வோவின் வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு நேரும் முடிவையும் ஆச்சிபி மறைக்கவே இல்லை. நல்ல ஊர், கெட்ட அந்நியன் என்ற கதையை எதிர்பார்த்துப் போனால் இவை கண்ணில் படாமல் போய்விடும். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு நகருங்கள்.

படி 2: கதை நடக்கும் காலத்தைப் பிடியுங்கள்

நாவலில் ஆண்டு எதுவும் சொல்லப்படவில்லை. துப்புகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பாதிரிமார் வருகிறார்கள், பிறகு நீதிமன்றம் வருகிறது, மாவட்ட ஆணையர் ஒருவர் தங்கள் அரசியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார், ஆகவே அதற்கு முன்பு என்று சொல்லலாம். ஆனால் அடுத்த படியில் பார்க்கப்போகும் சம்பவத்தின் சாயல் 1905-ஐச் சேர்ந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம், நாவலாசிரியர் நாட்காட்டியைப் பார்த்து எழுதவில்லை. 1890-களுக்கும் 1900-களின் முதல் சில ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அரைப் பக்கத்தில் ஒரு காலவரிசை எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1857-இல் நைஜர் ஆற்றங்கரையில் உள்ள ஒனிட்ஷாவில் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்குகிறது. 1886-இல் ஒரு பிரிட்டிஷ் வணிகக் கம்பெனிக்கு ஆற்றோரப் பகுதிகளை ஆளும் உரிமை கிடைக்கிறது (இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியை அறிந்த நமக்கு இது புதிதல்ல). 1900-இல் அந்த உரிமை பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போகிறது. அதன்பின் உள்நாட்டு ஊர்களை ஒவ்வொன்றாக அடக்கப் படைகள் கிளம்புகின்றன. நைஜீரியா விடுதலை அடைந்தது 1960-இல்.

படி 3: இடறிய காட்சியை வரலாற்றோடு வைத்துத் திரும்பப் படியுங்கள்

இரண்டாம் பாகத்தில், ஊரைவிட்டு விலக்கப்பட்டுத் தாய்வழி ஊரில் இருக்கும் ஒக்கொங்வோவைப் பார்க்க நண்பன் ஒபியரிக்கா வருகிறான். அபாமே என்ற ஊர் அழிந்த கதையைச் சொல்கிறான். இரும்புக் குதிரையில், அதாவது சைக்கிளில், ஒரு வெள்ளைக்காரன் தனியாக வந்தான். இவன் நம்மைச் சிதைப்பான் என்று குறி சொன்னது. ஊரார் அவனைக் கொன்று, அந்த இரும்புக் குதிரையைப் புனித மரத்தில் கட்டிப்போட்டார்கள். பல வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய சந்தை நாளில் மூன்று வெள்ளையர்கள் பெரும் கூட்டத்தோடு சந்தையைச் சூழ்ந்துகொண்டு சுட்டார்கள். சந்தை நிரம்பும்வரை கண்ணுக்குத் தெரியாதபடி ஏதோ மருந்து வைத்திருக்க வேண்டும் என்கிறான் ஒபியரிக்கா.

முதல் வாசிப்பில் இது செவிவழிக் கதை போலத்தான் இருக்கும். உண்மையில் 1905-இல் இக்போ பகுதியில் அகியாரா என்ற இடத்தருகே, வழி தவறிச் சைக்கிளில் வந்த ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கொல்லப்பட்டார். அதற்குப் பதிலடியாக ஒரு படையை அனுப்பி அந்த வட்டாரத்து ஊர்களைத் தண்டித்தார்கள். கொன்றவர் யார் என்று விசாரித்துத் தண்டிப்பதில்லை, ஊர் முழுவதையும் தண்டிப்பார்கள். கூட்டுத் தண்டனை அப்போது ஆட்சிமுறையின் ஒரு பகுதி.

இதைத் தெரிந்துகொண்டபின் இருபதாம் அத்தியாயத்துக்குப் போங்கள். ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஒக்கொங்வோ, நம் ஆட்கள் ஏன் சண்டை போடவில்லை என்று கொதிக்கிறான். அபாமேயை வெள்ளைக்காரன் துடைத்தழித்ததைக் கேட்கவில்லையா என்று ஒபியரிக்கா திருப்பிக் கேட்கிறான். இந்த ஒரு வரியை வரலாறு தெரியாமல் படித்தால் ஒபியரிக்கா கோழை, தெரிந்து படித்தால் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தவன். ஒருவன் கை ஓங்கினால் சந்தையில் நிற்கும் அத்தனை பேரும் சாகவேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கடைசி அத்தியாயங்களில் ஊர்க்கூட்டம் அசையாமல் நிற்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இதே முறையில் நீதிமன்றச் சேவகர்கள் வரும் இடங்களையும் பாருங்கள். ஆணையருக்கு இக்போ தெரியாது. அவருக்கும் ஊருக்கும் நடுவே வெளியூரிலிருந்து வந்த சேவகர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு ஆணையர் விதித்த அபராதம் 200 மூட்டைச் சோழி. சேவகர்கள் ஊரில் போய்ச் சொன்னது 250. மிச்சம் அவர்கள் பைக்கு. தனி ஆள் பேராசை என்று தள்ளிவிடாதீர்கள், மொழி தெரியாத அதிகாரி நடத்தும் ஆட்சி அந்த இடத்தில்தான் கசியும்.

படி 4: வரலாறு நாவலை விழுங்கிவிட்டதா என்று சோதியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் எழுதிய குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். நாவலைத் திறக்காமலே எழுதக்கூடிய வாக்கியங்களாக இருந்தால், 'காலனியம் பண்பாட்டை அழித்தது' என்பது மாதிரி, அவற்றை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் நாவலின் பக்க எண் இருக்க வேண்டும். அப்புறம், அபாமேதான் அகியாரா என்று எழுதிவிடவும் கூடாது. நடந்ததை எடுத்து ஆச்சிபி தன் தேவைக்கு மாற்றியிருக்கிறார், ஊரின் பெயரும் காலமும் அவருடையவை.

தேடிக் கிடைக்கும் வரலாற்றை எழுதியது யார் என்றும் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதி அதிகாரிகளின் அறிக்கைகள். நாவலின் கடைசிப் பத்தியில் ஆணையர், தான் எழுதப்போகும் புத்தகத்தில் நாம் 25 அத்தியாயங்கள் கூடவே வாழ்ந்த மனிதனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று யோசிக்கிறார். நைஜீரியா விடுதலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இந்த நாவல் வந்தது என்பதை நினைவில் வைத்து அந்தப் பத்தியைப் படியுங்கள், ஆச்சிபியின் கோபம் யார்மேல் என்று தெரியும்.

இந்த நான்கு படிகளும் கைக்கு வந்தபின் அவரே எழுதிய 'ஆரோ ஆஃப் காட்' நாவலை எடுக்கலாம். அது 1920-களில் நடக்கிறது. அதற்கு வேண்டிய பின்னணி வேறு: உள்ளூர்த் தலைவர்களை வைத்தே ஆளும் மறைமுக ஆட்சிமுறை. தலைவன் என்று ஒருவனைத் தூக்கி வைத்துப் பழக்கமில்லாத இக்போ ஊர்களில் பிரிட்டிஷார் தாங்களே ஆள் பார்த்துத் தலைவரை நியமித்தார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அந்தப் பதவி வேண்டாம் என்று பூசாரி எசேயுலு மறுக்கும் காட்சி வரும்போது மீதியைத் தேடிக்கொள்ளலாம்.