கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை எங்கே பிடிக்கிறது? கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்ப்போம்

காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுகளை எண்ணினால் அதில் நாலே நாலுதான் கார்பன் டை ஆக்சைடு. "இந்த நாலு பேர் சேர்ந்து பூமியையே சூடாக்குறாங்களா சித்தப்பா?" என்று பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகன் கேட்டான். அவன் கையில் இருந்த படத்தில் பூமியைச் சுற்றிக் கண்ணாடிக் கூரை மாதிரி ஒரு கோடு. அதில் பட்டு அம்புக்குறிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. குழப்பமே அந்தப் படத்தால்தான். மேலே கூரையும் இல்லை, முட்டித் திரும்புவதும் இல்லை. அன்று அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். ஒரு கால்குலேட்டரோ, பைத்தான் இருக்கிற கணினியோ போதும்.

படி 1: பூமியின் வரவு செலவு

வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டரில் 1361 வாட் வெயில் விழுகிறது. ஆனால் பூமி உருண்டை. அதன் மொத்தப் பரப்பு, வெயிலை மறிக்கும் வட்டத்தின் பரப்பைப் போல நாலு மடங்கு. அதனால் நாலால் வகுக்க வேண்டும். அதிலும் ஏறத்தாழ 30 சதவீதத்தை மேகம், பனி, மணல் எல்லாம் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம்தான் வரவு. அதே அளவு வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளியே போனால்தான் கணக்கு நேராகும். அவ்வளவை வெளியிட எந்த வெப்பநிலை வேண்டும் என்பதை ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மான் விதி சொல்லும்.

```python
S = 1361
albedo = 0.30
sigma = 5.67e-8
T = (S/4 * (1-albedo) / sigma) ** 0.25
print(T, T - 273.15)
```

விடை 254.6 கெல்வின், அதாவது மைனஸ் 18.6 டிகிரி செல்சியஸ். உங்களுக்கு 87 டிகிரி என்று வந்தால் நாலால் வகுக்க மறந்துவிட்டீர்கள். அவன் முதலில் செய்த தவறும் அதுதான்.

நிலத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி. இடைவெளி 33 டிகிரி சொச்சம். ஆனால் கணக்கில் தப்பில்லை. விண்வெளியிலிருந்து மொத்தமாக அளந்தால் பூமி மைனஸ் 18 டிகிரிப் பொருளைப் போலத்தான் வெப்பத்தை வெளியிடுகிறது. அப்படியென்றால் வெளியே போகும் வெப்பத்தில் பெரும்பகுதி தரையிலிருந்து நேராகக் கிளம்பவில்லை, ஏதோ ஒரு குளிர்ந்த இடத்திலிருந்து கிளம்புகிறது. அந்த இடம் எது என்று தேடுவதுதான் மீதிப் படிகள்.

படி 2: யார் மறிக்கிறார்கள்?

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டுமே ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் கைகோத்தவை. அந்த ஜோடி எப்படி ஆடினாலும் இரு முனையும் சமமாகவே இருக்கும், மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாது. சாயாவிட்டால் தரை வெளியிடும் அகச்சிவப்புக்கு அதில் பிடிமானம் கிடைக்காது, ஊடுருவிப் போய்விடும்.

கார்பன் டை ஆக்சைடில் நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நின்று, பறவை மாதிரி மேலும் கீழும் அடித்துப் பாருங்கள். தலை கார்பன், உள்ளங்கைகள் ஆக்சிஜன். கைகள் கீழே போகும்போது ஆக்சிஜனின் எதிர்மின் சாய்வும் கீழே வருகிறது, மேலே போனால் மேலே போகிறது. இந்த வளைந்தாடும் அசைவுக்கு ஒத்துப்போகும் அலைநீளம் 15 மைக்ரான். நம் கெட்ட காலம், 15 டிகிரியில் இருக்கும் தரை வெளியிடும் வெப்பக் கதிரில் கணிசமான பங்கு இந்த அலைநீளத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

இதனால்தான் 'பத்தாயிரத்தில் நாலு' என்ற கேள்வியே பிசகு. மீதிப் பேரில் ஏறக்குறைய எல்லாரும் இந்த ஆட்டத்திலேயே இல்லை. ஆட்டத்தில் இருப்பவர்களில் பெரியவர் நீராவி, அடுத்தவர் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன், ஓசோன் எல்லாம் பின்னால் வருகிறார்கள்.

படி 3: பிடித்ததை என்ன செய்கிறது?

இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்குகின்றன. மூலக்கூறு கதிரை வாங்கி உடனே திருப்பி எறிகிறது என்பார்கள். தரைக்கு அருகில் அப்படி நடப்பது மிக அரிது. வளைந்தாடும் மூலக்கூறு தானாகக் கதிரை வெளியிட ஒரு விநாடி அளவுக்கு நேரம் வேண்டும். ஆனால் நெரிசலான காற்றில் அது ஒரு விநாடிக்குள் நூறு கோடித் தடவைக்கு மேல் பக்கத்திலிருப்பவர்களோடு மோதுகிறது. ஆக, வாங்கிய சக்தி சுற்றியிருக்கும் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் போய்ச் சேருகிறது. காற்று சூடாகிறது.

இது தலைகீழாகவும் நடக்கும். சூடான நைட்ரஜன் வந்து இடிப்பதில் ஒரு கார்பன் டை ஆக்சைடு ஆடத் தொடங்கும், அவற்றில் சில, அடுத்த மோதலுக்குள் கதிரை வெளியிட்டுவிடும். அதனால் இந்த வாயு எவ்வளவு வெளியிடும் என்பதை அது இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. சூடான காற்றில் நிறைய, குளிர்ந்த காற்றில் கொஞ்சம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இரண்டு படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 4: மைனஸ் 18 டிகிரி எங்கே இருக்கிறது?

மலை ரயிலில் ஊட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில், ஊட்டி நிலையம் 2,203 மீட்டரில். கீழே வியர்த்து வழியும், மேலே இறங்கியதும் ஸ்வெட்டர் தேடுவோம். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். மலை ரயில் ஏறும் உயரத்துக்கு 12 டிகிரி.

அதே கணக்கில் 33 டிகிரி குறைய எவ்வளவு ஏற வேண்டும்? 33 ஐ 6.5 ஆல் வகுத்தால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். பூமியின் வெப்பம் சராசரியாக அந்த உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. அதற்குக் கீழே வெளியிடப்படும் கதிரில் பெரும்பகுதியை மேலே இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மறுபடி வாங்கிக்கொள்கின்றன. மேலே போகப் போகக் கூட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் வழி திறக்கிறது.

ஐந்து கிலோமீட்டர் என்பது எல்லா அலைநீளத்துக்குமான சராசரி. தனித்தனியே பிரித்தால் கதையே வேறு. 1970 இல் ஏவிய நிம்பஸ் 4 செயற்கைக்கோள் சஹாராவுக்கு மேலிருந்து அளந்தபோது, வாயுக்கள் மறிக்காத அலைநீளத்தில் மணலின் சூடு 320 கெல்வின், நம் கணக்கில் 47 டிகிரி, அப்படியே தெரிந்தது. அதே இடத்தை 15 மைக்ரானில் பார்த்தால் 220 கெல்வினை ஒட்டி, அதாவது மைனஸ் 50 க்கும் கீழே. அந்த அலைநீளத்தில் பாலைவனமே கண்ணில் படவில்லை, பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே உள்ள குளிர்ந்த காற்றுதான் தெரிகிறது.

படி 5: வாயுவைக் கூட்டினால்?

தொழிற்புரட்சிக்கு முன்னால் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கு. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. இரட்டிப்பானால், அதாவது 560 ஆனால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

மேலே கூட்டம் கூடுவதால் வழி திறக்கும் உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே காற்று குளிர். குளிர்ந்த காற்று குறைவாக வெளியிடும். வரவு அப்படியே இருக்க, செலவு சதுர மீட்டருக்கு 3.7 வாட் குறைகிறது. இந்த எண்ணுக்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு:

```
5.35 * ln(560/280) = 3.7
```

மிச்சமாகும் வெப்பம் எங்கே போகும்? கடலையும் நிலத்தையும் காற்றையும் சூடாக்கிக்கொண்டே இருக்கும், மறுபடி வரவும் செலவும் ஒன்றாகும் வரை. மைனஸ் 18 டிகிரியை ஒட்டி, ஒரு டிகிரி கூடினால் செலவு ஏறத்தாழ 3.8 வாட் கூடும். எனவே ஒரு டிகிரி சூடு போதும். உயரக் கணக்கில் சொன்னால், வெப்பம் தப்பும் மட்டம் 150 மீட்டர் போல ஏறியிருக்கிறது. மேலிருந்து கீழ் வரை காற்று கலந்துகொண்டே இருப்பதால், அந்த ஒரு டிகிரி தரை வரைக்கும் வந்துவிடும்.

ஒரு டிகிரிதானா என்று அவன் ஏமாந்துபோனான். இது கார்பன் டை ஆக்சைடு மட்டும் தனியாகச் செய்வது. சூடான காற்றில் டிகிரிக்கு 7 சதவீதம் போல நீராவி கூடும், நீராவியும் மறிக்கிற வாயு, பனி உருகினால் வெயில் திரும்பிப் போவதும் குறையும். எல்லாம் சேர்ந்து இரட்டிப்புக்கு மூன்று டிகிரியை ஒட்டி வரும் என்பது இன்றைய மதிப்பீடு. இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவே எங்கே என்பதில்தான் இழுபறி. மேகங்கள்தான் இதில் பெரிய தலைவலி.

படி 6: "ஏற்கெனவே முழுக்க மறித்தாயிற்றே?"

இது 1900 இலேயே கேட்கப்பட்ட கேள்வி. ஸ்வீடனின் நுட் ஆங்ஸ்ட்ரோம் ஒரு குழாயில் இந்த வாயுவை நிரப்பி வெப்பக் கதிரை அனுப்பிப் பார்த்தார். வாயுவைக் குறைத்தாலும் மறிக்கும் அளவு பெரிதாக மாறவில்லை. கூட்டுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பல பத்தாண்டுகள் பலர் இதை நம்பினார்கள்.

குழாய்க்குள் ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை. வானம் அப்படி இல்லை. தரையருகே 15 மைக்ரான் முழுக்க அடைபட்டிருப்பது உண்மைதான், ஆனால் தப்பும் மட்டம் தரையில் இல்லையே. அது மேலே, மெல்லிய காற்றில் இருக்கிறது. கூட்டுகிற ஒவ்வொரு பங்கும் அந்த மட்டத்தை உயர்த்தும். அதோடு, 15 மைக்ரானுக்கு இரு பக்கமும் அரைகுறையாக மறிக்கும் ஓரங்கள் உள்ளன. அவையும் மெல்ல அடைபடுகின்றன. படி 5 இன் வாய்பாட்டில் மடக்கை வருவது இதனால்தான். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் அதே 3.7, அதற்குமேல் பாய்ச்சல் கிடையாது.

படி 7: வீட்டில் பார்ப்பது

இரண்டு பாட்டில், ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும், மேலே ஒரு பல்பு, உள்ளே தெர்மாமீட்டர். இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வாயு உள்ள பாட்டில் கொஞ்சம் சூடேறும்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கானை நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே சூடு ஏறும், ஆர்கான் அகச்சிவப்பைத் தொடுவதே இல்லை. இரண்டும் காற்றைவிடக் கனமானவை, உள்ளே சுழன்று கலப்பது குறைகிறது, அவ்வளவுதான். விடை சரி, காரணம் தப்பு.

அதற்குப் பதில் துப்பாக்கி மாதிரி இருக்கும் ஐஆர் தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். மெக்கானிக் வைத்திருப்பது வேண்டும், நெற்றியில் காட்டுவது வேலைக்கு ஆகாது, அது உடம்புச் சூட்டை ஒட்டிய எண்களை மட்டும்தான் காட்டும். ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் முதலில் தரையைச் சுடுங்கள், அப்புறம் நேர் மேலே தெளிந்த வானத்தை, அப்புறம் ஒரு மேகத்தை. வெறும் விண்வெளி மைனஸ் 270. ஆனால் கருவி அப்படிக் காட்டாது. தரையைவிட இருபது முப்பது டிகிரி குறைவாக ஏதோ ஒரு எண் வரும், தாழ்ந்த மேகத்துக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். அந்த எண், காற்று உங்களை நோக்கி அனுப்பும் வெப்பம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கும். அதாவது கார்பன் டை ஆக்சைடின் 15 ஐத் தொடாமல் நின்றுவிடும். நீங்கள் பார்ப்பது முக்கியமாக நீராவியின் வேலை. புழுக்கமான ஐப்பசி ராத்திரியில் ஒரு தடவையும், தை மாதக் குளிர்ந்த ராத்திரியில் ஒரு தடவையும் அளந்து குறித்து வையுங்கள். தை மாத வானம் கூடுதல் குளிராகத் தெரியும்.