"பார்த்துச் சொல்லுங்கோ" என்று மட்டும் எழுதி வரைவை அனுப்பாதீர்கள்

எங்கள் குளத்துக் கமக்காரர் அமைப்புக்குக் கடிதமும் கூட்டக் குறிப்பும் எழுதுகிற வேலை கொஞ்சக் காலமாக என்னிடம் இருக்கிறது. ஒரு வருடம் சிறுபோகக் கூட்டத்துக்கு முன் நீர்ப் பங்கீட்டு வரைவு ஒன்றை எழுதினேன். எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர், எந்தக் கிழமையில் துருசு திறப்பது, முறை மாறித் தண்ணீர் எடுத்தால் என்ன செய்வது எல்லாம் சேர்த்து 9 பக்கம். அதை ஐந்து பேருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி: "இவ்வரைவைப் பார்வையிட்டுத் தங்கள் மேலான கருத்துகளை விரைவில் தந்துதவவும்."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிவப்புப் பேனையால் 31 எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தந்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் தலைப்பை நடுவில் போடச் சொன்னார். இடதுகரை வாய்க்கால் பிரதிநிதி, "நல்லாயிருக்கு தம்பி" என்றார். மற்ற இருவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கூட்டத்தில்தான் வெளுத்தது. இடதுகரைக்கு 62 ஏக்கர், வலதுகரைக்கு 26 ஏக்கர் என்பதுதான் முடிவு. அட்டவணையில் நான் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தேன். கூட்டுத்தொகை 88 என்று சரியாகவே வந்ததால் கூட்டிப் பார்த்தவருக்கும் பிழை தெரியாது. அதைப் பிடிக்கக்கூடிய ஆள் வாய்க்கால் பிரதிநிதி ஒருவர்தான். வரைவு அவர் கையில் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த அட்டவணையைப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லையே.

"கருத்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், ஒவ்வொருவரும் தனக்குச் சுலபமாகக் கண்ணில் படுவதைத்தான் சொல்வார்கள். எழுத்துப்பிழை எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுத்துப்பிழைதான் வரும். அதைவிட, எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதியதில் குற்றம் சொல்வது மரியாதை இல்லை என்ற எண்ணமும் உண்டு. எதில் பிழை பிடிக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுவிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும்.

அடுத்த முறை ஆளுக்கொரு கேள்வி வைத்தேன், அவரால் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பார்த்து. பிரதிநிதிக்கு அனுப்பியது இது:

"அண்ணை, வணக்கம். சிறுபோக நீர்ப் பங்கீட்டு வரைவை அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பக்கம் 3 அட்டவணையையும் பந்தி 7ஐயும் மட்டும் பார்த்தால் போதும். உங்கள் வாய்க்காலின் ஏக்கர்க் கணக்கும் ஆட்களின் பெயரும் சரியா? கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர மூன்று நாள் போதுமா? எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம், அது பிறகு. மார்ச் 19 வியாழன் பின்னேரம் 4 மணிக்கு முன் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டாலும் சரி."

"எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும்போதுதான் மற்றதில் கண் நிற்கும். மாற்ற முடியாததையும் முன்பே சொல்லிவிடுங்கள். மொத்தம் 88 ஏக்கர் என்பது குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எடுத்த முடிவு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் அதைப் பற்றியே எழுதுவார்கள். ஆசிரியரிடமும் கேட்டேன், ஆனால் கடைசியில். கணக்குகள் உறுதியான பிறகு மொழி பார்க்கத் தந்தால், அவர் திருத்திய பந்தியை நாங்கள் பிறகு வெட்டி எறிகிற நிலை வராது.

இனித் திகதி. "விரைவில்" என்பது திகதி அல்ல. "வெள்ளிக்கிழமைக்குள்" என்பதும் அரைகுறைதான். வெள்ளி காலையா, இரவா, இந்த வெள்ளியா, அடுத்ததா? நாள், கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த நாளைப் பின்னாலிருந்து எண்ணி எடுக்க வேண்டும். கூட்டம் 27ஆம் திகதி வெள்ளி. பிரதி எடுக்க 25. திருத்தங்களைச் சேர்க்கவும், ஒன்றுக்கொன்று முரணானதை ஆட்களிடம் திரும்பக் கேட்கவும் நாலைந்து நாள் வேண்டும். அப்படித்தான் 19 வந்தது. வரைவை 10ஆம் திகதி அனுப்பினேன், 17ஆம் திகதி ஒரு நினைவூட்டல். கூட்டத்துக்கு முதல் நாளைக் கடைசி நாளாக வைப்பவர்கள் கருத்தைக் கேட்கிறார்களே தவிர, அதைச் சேர்க்க நேரம் வைத்துக்கொள்வதில்லை.

வன்னியில் நாள் குறிக்கும்போது வயலையும் கோயிலையும் பார்க்காமல் குறிக்கக்கூடாது. காலபோக அறுவடை நடக்கும்போது வாய்க்கால் பிரதிநிதி 9 பக்கம் படிப்பார் என்று நம்புவது எங்கள் பிழை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையிலும், ஆகஸ்ட் 15ஐ ஒட்டி மடுத் திருவிழா நாட்களிலும் பதில் வராது. ஏன் அந்த நாள் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. "25ஆம் திகதி பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும்" என்று தெரிந்தால் ஆட்கள் அந்த நாளை மதிப்பார்கள்.

பதில் வராவிட்டால் என்ன என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் இப்போது இரண்டு விதமாக வைத்திருக்கிறேன். நடைமுறை பற்றிய பந்திகளுக்கு, "19க்குப் பிறகு இப்படியே போகும்" என்று சொல்லிவிடுவேன். ஏக்கர், பெயர், தண்ணீர் நாள் ஆகியவற்றுக்கு அது சரிவராது. அங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால் திரும்பவும் 62, 26 கதைதான். அந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோ, வீட்டுக்கே போயோ வாயால் உறுதி செய்துகொள்வேன்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் வேலைக்கு ஆகாது. நாற்பது பேர் இருக்கிற குழுவில் மற்றவர் பார்ப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள், இரண்டு கைகூப்பு மட்டும் விழும். ஆளாளாக அனுப்புங்கள்.

அப்புறம் எழுத்துரு. எங்கள் பக்கத்துக் கணினிகளில் இன்னும் பாமினி ஓடுகிறது. அதில் அடித்த வேர்ட் கோப்பைக் கைபேசியில் திறந்தால், "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று தெரியும். பார்த்தவர் "திறக்குதில்லை" என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடுவார். முதல் முறை பதில் தராத இருவரில் ஒருவருக்கு நடந்தது இதுதான், பிறகுதான் சொன்னார். இப்போது யூனிகோடில் அடித்து, படிக்கப் பிடிஎஃப், திருத்துகிறவருக்கு மட்டும் வேர்ட் என்று அனுப்புகிறேன். பந்திகளுக்கு இலக்கம் போட்டுவிட்டால் குரல்பதிவில், "தம்பி, ஏழாம் பந்தி பிழை" என்று சொல்ல முடியும்.

அந்த முறை 19ஆம் திகதிக்குள் நாலு பேர் பதில் தந்தார்கள். பிரதிநிதியின் குரல்பதிவு 40 விநாடி. ஏக்கர் சரி, ஆனால் கடைமடைக்கு மூன்று நாள் காணாது, நாலு வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் கசிகிறது என்றார். அந்தக் கசிவு எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பந்தி 7இல் மூன்றை நாலாக்கினேன். கரையை எப்போது கட்டுவது என்பதைக் கூட்டத்தின் முதல் விடயமாகப் போட்டோம்.