ஒரே போனில் இரண்டாவது வாட்ஸ்அப்: கேலக்ஸியில் Dual Messenger

வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு பெண், ஆர்டர்களுக்கென்று தனி எண் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ஒரே ஒரு சாம்சங் கேலக்ஸி போன். அதில் இரண்டு எண்களுக்கும் வாட்ஸ்அப் வேண்டும்.

2023 முதல் வாட்ஸ்அப்பே ஒரே செயலிக்குள் இரண்டு கணக்குகளை அனுமதிக்கிறது. ஆனாலும் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய அளவுக் குறிப்பு தவறுதலாகக் குடும்பக் குழுவுக்குப் போய்விடக் கூடாது என்றால், தனித்தனி ஐகான் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

போனின் Settings-இல் Advanced features என்பதைத் திறந்து, கீழே Dual Messenger-ஐத் தொடுங்கள். பட்டியலில் வாட்ஸ்அப்பின் எதிரே உள்ள பொத்தானை இயக்கி, Install-ஐத் தொட்டால் சிறிய அடையாளத்துடன் இரண்டாவது ஐகான் வந்துவிடும். ஷாவ்மி போன்களில் இதே வசதிக்கு Dual apps என்று பெயர்.

போன் தனக்குள்ளேயே இன்னொரு பயனருக்கான இடத்தை ஒதுக்கி, வாட்ஸ்அப்பின் இந்த இரண்டாவது பிரதியை அங்கே வைக்கிறது. அதனால் முதல் செயலியின் உரையாடல்களும் அனுமதிகளும் இதற்கு வராது.

புதிய ஐகானைத் திறந்து, புதிய எண்ணைக் கொடுங்கள். இந்த இடத்தில் நிதானம் தேவை. பழக்கத்தில் பழைய எண்ணைக் கொடுத்து உறுதிசெய்தால், முதல் வாட்ஸ்அப்பிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியாகவோ அழைப்பாகவோ வரும். அந்த சிம் இதே போனில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை; வேறொரு சாதாரண போனில் இருந்தாலும் குறியீட்டைப் பார்த்து இங்கே இடலாம்.

உள்ளே போனபின் பெயர்களுக்குப் பதில் வெறும் எண்களே தெரிந்தால், பிரதிக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி கிடைக்கவில்லை என்று பொருள். ஐகானை அழுத்திப் பிடித்து, தகவல் பக்கத்தில் Permissions-க்குச் சென்று Contacts-ஐ அனுமதியுங்கள். வாடிக்கையாளர் பெயர்கள் மட்டும் போதும் என்றால், Dual Messenger பக்கத்திலேயே தனித் தொடர்புப் பட்டியலை இயக்கி, வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். கேலரியிலிருந்து படம் பகிரும்போதும் எந்த வாட்ஸ்அப் என்று பார்த்துத் தொடுங்கள்.

அதிகம் இழப்பது காப்புப்பிரதி விஷயத்தில்தான். முதல் செயலி தினமும் கூகுள் கணக்கில் சேமித்தாலும், பிரதியின் உரையாடல்கள் அதில் சேராது. பிரதிக்குள் Settings, Chats, Chat backup என்று போய், கடைசியாகச் சேமித்த தேதியைப் பாருங்கள். அங்கே கூகுள் கணக்கு எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிரதியை நீக்கும் நாளில் ஆர்டர் விவரங்களும் போய்விடும். முக்கியமான உரையாடல்களை Export chat மூலம் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் இந்த வசதி இல்லையென்றால், இணையத்தில் கிடைக்கும் மாற்றியமைத்த வாட்ஸ்அப்களை நிறுவாதீர்கள். அவற்றைப் பயன்படுத்தும் எண்ணை வாட்ஸ்அப் தடை செய்யக்கூடும். அதற்குப் பதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து நிறுவி, இரண்டாவது எண்ணை அதில் பதிவு செய்யலாம். அது தனிச் செயலி என்பதால் முதல் வாட்ஸ்அப்புடன் சேர்ந்தே இயங்கும்.