'சாப்பிட்டாச்சா?' என்பதை அப்படியே வேறு மொழியில் கேட்டால்

தமிழில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் தகவல் தேவையில்லை. 'ஆச்சு, நீங்க?' என்று வந்தால் போதும், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். சாப்பிடாதவர்கூடப் பல நேரம் 'ஆச்சு' என்றே சொல்லிவைப்பார். 'இல்லை' என்றால் ஏன், எப்போது, உடம்புக்கு என்ன என்று கேள்விகள் வரிசைகட்டும் என்று அவருக்குத் தெரியும். மானிடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1923இல் இந்த மாதிரிப் பேச்சுக்கு 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்தார். செய்தி சொல்ல இல்லாமல், உறவு அறுந்துவிடாமல் இருக்க மட்டும் பேசுகிற பேச்சு அது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பேச்சில் உள்ள வார்த்தைகளை மொழிபெயர்க்க முடிகிறது, அது செய்கிற வேலை கூடவே வருவதில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் நம்மவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு சாதாரண அலுவலக உரையாடலை எடுத்துக்கொள்வோம். மதியம் 12.40. வேறு நாட்டில் இருந்து வந்து புதிதாகச் சேர்ந்த சக ஊழியருக்கு ஒருவர் சாட்டில் 'ஹாய், ஹேட் யுவர் லஞ்ச்?' என்று அனுப்புகிறார். அவர் மனதில் இருப்பது ஒரு வணக்கம். அதற்கு அடுத்த வரியில் ஒரு ஃபைலைப் பற்றிக் கேட்கப் போகிறார். அந்தப் பக்கம் இருந்து 'நாட் யெட்! ஒய்?' என்று பதில் வருகிறது. இவர் 'நத்திங், ஜஸ்ட் ஆஸ்கிங்' என்று எழுதிவிட்டு ஃபைல் பேச்சுக்குப் போகிறார். இவரைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக நடந்தது. அந்தப் பக்கம் இருப்பவருக்கோ, யாரோ சாப்பிடக் கூப்பிட வந்து கடைசி நொடியில் பின்வாங்கிய மாதிரி இருக்கிறது.

காரணம், ஆங்கிலத்தில் இப்படி ஒரு கேள்வி தனியாக வந்து நின்றால், பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். உரையாடலை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப் போன்றவர்கள் இதை 'ப்ரீ-இன்விடேஷன்' என்பார்கள், அதாவது அழைப்புக்கு முன்னோட்டம். 'இன்னைக்குச் சாயங்காலம் ஏதாவது வேலை இருக்கா?' என்று யாராவது தமிழில் கேட்டால் நாமும் 'ஏன், என்ன விஷயம்?' என்றுதானே கேட்போம்? அந்த உணர்வுதான் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கேள்வியில் வருகிறது. அதனால் அந்த 'ஒய்?' எரிச்சலில் கேட்டதாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வரிக்காக அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நேரம் மாறினால் அர்த்தமும் மாறும். மதியத்தில் கேட்டால் கூடச் சாப்பிட அழைப்பதாகத் தோன்றும். காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் பிள்ளையை விசாரிக்கிற பெற்றோர் தொனி வந்துவிடும். இரவு ஏழு மணிக்கு, அதிகப் பழக்கமில்லாத ஒரு பெண்ணிடம் 'ஹேவ் யூ ஹேட் டின்னர்?' என்று ஓர் ஆண் அனுப்பினால், அது வெளியே போகலாமா என்று கேட்பதாகவே படிக்கப்படலாம். கேட்டவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது. பிறகு எதிர்முனை திடீரென்று சுருங்கிப் பேசுவது ஏன் என்று இவருக்குக் கடைசிவரை புரியாது.

அப்படியென்றால் வெறும் வணக்கத்துக்கு என்ன எழுதுவது? 'ஹாய், ஹவ்ஸ் யுவர் டே கோயிங்?' போதும். வேலை விஷயமாக என்றால் 'ஹாய், குயிக் கொஸ்டின்' என்று நேரே இறங்கிவிடலாம். ஆங்கிலத்தில் அது மரியாதைக் குறைவு ஆகாது. அக்கறையோடு உண்மையாகவே கேட்க வேண்டும் என்றால், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீட்டிங் இரண்டு மணி வரை இழுத்துவிட்டது, சக ஊழியர் இருக்கையை விட்டு எழவே இல்லை. அப்போது 'டிட் யூ கெட் எ சான்ஸ் டு ஈட்?' என்று கேட்டால் நன்றாகவே போய்ச் சேரும். நேரமே கிடைத்திருக்காதே என்ற கரிசனம் அந்த 'கெட் எ சான்ஸ்' என்பதில் இருக்கிறது. வெறுமனே 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதில் அது இல்லை. உண்மையிலேயே கூப்பிடுகிறீர்கள் என்றால் முன்னோட்டமே வேண்டாம், 'ஐம் கோயிங் ஃபார் லஞ்ச், வான்ட் டு ஜாயின்?' என்று கேட்டுவிடலாம்.

எதிர்த்திசையிலும் இதே குழி உண்டு. பிரிட்டனில் காரிடாரில் எதிரே வருபவர் 'யூ ஆல்ரைட்?' என்பார். முகம் வாடிப்போய்த் தெரிகிறதோ, உடம்பு சரியில்லை என்று நினைக்கிறாரோ என்று நம்மவர் குழம்புவார். சிலர் நின்று, நேற்று தூக்கமில்லை என்று விளக்கவே ஆரம்பித்துவிடுவார்கள். அது வெறும் ஹலோதான், 'யா, யூ?' என்று சொல்லிவிட்டு நடக்கலாம். அமெரிக்கர்களின் 'ஹவ் ஆர் யூ?'வும் பெரும்பாலும் அப்படியே. வணக்கமா, உண்மை விசாரணையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, கேட்டவரின் காலைப் பார்ப்பது. நடையை நிறுத்தாமல் கேட்டால் வணக்கம். நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் கொஞ்சம் விவரமாகவே பதில் சொல்லலாம்.

சரி, சாப்பாட்டை விசாரிக்கிற மொழிகளுக்கே போனால் பிழைத்துக்கொள்ளலாமா? சீனத்தில் 'சர் ல மா?', கொரிய மொழியில் 'பாப் மொகொஸ்ஸொயோ?', மலாயில் 'சூடா மாக்கான்?' என்று அப்படியே நம் கேள்வி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் அடுத்த தவறு நடக்கிறது.

சீனக் கேள்வி ஏற்கெனவே பழகியவர்களிடம், சாப்பாட்டு வேளையை ஒட்டிக் கேட்பது. முதல்முறை கைகுலுக்குகிறவரிடம் மாலை நாலு மணிக்கு அதைச் சொன்னால் விநோதமாக இருக்கும். அங்கே வழக்கமான 'நீ ஹாவ்' இருக்கிறது. கேட்கப்பட்டால் 'சர் ல', அதாவது 'ஆச்சு' என்று சொல்லித் திருப்பிக் கேட்டுவிடலாம். என்ன சாப்பிட்டோம் என்ற பட்டியல் தேவையில்லை.

கொரிய மொழியில் சிக்கல் மரியாதையில். 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்று விகுதியை மாற்றினால் நமக்கு வேலை முடிந்தது. அங்கே விகுதியோடு சாப்பாட்டுக்கான சொல்லும் வினைச்சொல்லும் சேர்ந்து மாறும். நண்பனிடம் 'பாப் மொகொஸ்ஸொ?'. மேலதிகாரியிடம் 'பாப்' போய் 'சிக்ஸா' வந்துவிடும்: 'சிக்ஸா ஹஷ்யொஸ்ஸொயோ?'. தாத்தா பாட்டி வயதுள்ளவரிடம் 'ஜின்ஜி' என்று இன்னொரு சொல், அதற்கு 'தூஷ்யொஸ்ஸொயோ' என்று இன்னொரு வினை. நண்பர்களிடம் கற்றுக்கொண்ட வடிவத்தின் கடைசியில் 'யோ' மட்டும் ஒட்டிக்கொண்டு மேலதிகாரியிடம் போகிறவர், மரியாதை காட்டியதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு மிகவும் பிடித்தது. 'பாப் ஹன்பொன் மொக்ஜா', ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம் என்று கொரியர் சொன்னால் அது பெரும்பாலும் பிரியும்போது சொல்கிற உபசாரம். உடனே டைரியை எடுத்து 'எந்த நாள்?' என்று கேட்டால் அவர் திணறுவார். தேதியோ இடமோ அவரே சொன்னால்தான் அது அழைப்பு. ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லப் போய் அது அழைப்பாகிவிட்ட கதையை மேலே பார்த்தோம். இங்கே அழைப்பு மாதிரி இருப்பது வணக்கத்தோடு நின்றுவிடுகிறது.

பக்கத்து மொழிகளில் ஆபத்து வேறு விதம். கேள்வியும் ஒன்று, அது செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் வேர்ச்சொல் ஒன்றாகவே இருந்துகொண்டு காலை வாரிவிடும். மலையாளி 'ஊணு கழிச்சோ?' என்று அன்போடு கேட்பார். 'கழி' என்றதும் நம் மூளை எங்கேயோ போகும். அவர்களுக்கு அது சாதாரணமாகச் சாப்பிடுவதுதான். தெலுங்கில் 'தின்னாரா?' என்பது மரியாதையான கேள்வி. மனிதர்களிடம் 'தின்னு' என்று சொன்னால் தமிழில் அது திட்டு. தமிழ் புதிதாகக் கற்கும் தெலுங்குக்காரர் 'தின்னீங்களா?' என்று கேட்டால் அவர் உங்களை அவமதிக்கவில்லை, தன் மொழியின் மரியாதையை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். அதே சமயம் நீங்கள் தெலுங்கில் பேசும்போது அந்த வினையைத் தவிர்த்துச் சுற்றிவளைக்கத் தேவையும் இல்லை.

சாப்பாட்டோடு இது முடிவதில்லை. 'எங்க கிளம்பிட்டீங்க?' என்பதும் நமக்கு வணக்கம்தான், 'சும்மா இப்படித்தான்' என்பது போதுமான பதில். 'வேர் ஆர் யூ கோயிங்?' என்றால் அது வேவு. 'என்ன, இளைச்சிட்டீங்க?' என்பதை ஆங்கிலத்தில் எந்த வடிவத்திலும் சொல்லாமல் இருப்பதே நல்லது. அதன் எதிர்ப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போனில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். எடுத்தவுடன் நாம் 'சொல்லுங்க' என்போம், அதில் கனிவு உண்டு. அதையே 'டெல் மீ' என்றால், சீக்கிரம் விஷயத்துக்கு வா என்று அதட்டுகிற மாதிரி விழும். 'ஹாய், ஹவ் ஆர் யூ?' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாலே கூப்பிட்டவர் விஷயத்தைச் சொல்லிவிடுவார். பேச்சு ஓய்ந்ததும் 'அப்புறம்?' என்று நாம் இழுப்பது இன்னும் கொஞ்சம் பேசலாமே என்ற ஆசையில். 'வாட் எல்ஸ்?' என்று மொழிபெயர்த்தால், இவ்வளவுதானா என்று கேட்டதாகிவிடும்.

கடைசியில் விடைபெறுவது. 'போயிட்டு வரேன்' என்பதில் நாம் 'போறேன்' என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதைத் தவிர்க்கிறோம். திரும்பி வருகிற திட்டம் எதுவும் அதில் இருக்க வேண்டியதில்லை. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிவிட்டு மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால், பத்து நிமிடத்தில் திரும்பி வருவீர்கள் என்று நினைத்து விளக்கை அணைக்காமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'ஐம் ஆஃப், சீ யூ டுமாரோ' என்றால் அவரும் வீட்டுக்குப் போவார்.