படிக்கும்போது பாட்டு வேண்டாம், ஆலாபனை போடுங்கள்

காட்பாடியில் என் அக்கா மகள் பிளஸ் டூ உயிரியலைப் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் படிப்பாள். ஒரே பத்தியை மூன்று தடவை படித்தாலும் மனதில் நிற்காது. படிக்கும்போது வரிகளை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, பாடல் வரியும் அங்கேதான் வந்து குறுக்கிடுகிறது. புரிகிற மொழி என்றால் இன்னும் மோசம்.

சரி, வெறும் வாத்தியம் போதுமா? தெரிந்த சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் கேட்டாலும் வாய் தானாக வரியை முணுமுணுக்கும். அதனால் வீணையிலோ குழலிலோ ராக ஆலாபனையாகத் தேடுங்கள். அதில் பாடல் வரியும் இல்லை, தாளக்கட்டும் இல்லை. சத்தம் ஃபேன் ஓசையைத் தாண்டக் கூடாது.

ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஆலாபனையையும் நிறுத்திவிடுங்கள். மனப்பாடப் பகுதிக்கு எப்போதும் அமைதிதான்.